மாறுவலயம்: இரண்டு மேலணிகள் சந்திக்கும் இடம்



கருப்பையின் கழுத்தில், அதன் வாயைச் சுற்றிச் சிவந்து தெரியும் ஒரு வட்டத்தை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக 'அரிப்பு' என்று அழைத்து வந்தன. தமிழில் அது 'கர்ப்பப்பை வாய்ப் புண்' என்று வழங்கிற்று, இன்றும் வழங்குகிறது. அந்தச் சிவந்த வட்டத்தில் பெரும்பாலும் புண் இல்லை. எதுவும் அரிக்கப்படவும் இல்லை. ஆயினும் 'புண்' என்னும் பெயர் இருந்தமையால், அதை ஆற்றியாக வேண்டும் என்ற எண்ணமும் உடன் வந்தது. நோயற்ற பெண்கள் பலர்க்கு அவ்விடம் சுட்டும் உறைய வைத்தும் அழிக்கப்பட்டது. ஒரு திசுவின் பெயர் அதன் இயல்போடு பொருந்தாதபோது என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே இன்றைய உரையில் அந்த வட்டம் உண்மையில் என்ன, அதற்குத் தமிழில் பொருத்தமான பெயர் எது என்பவற்றைப் பார்ப்போம்.

முதலில் சில சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஆங்கில மருத்துவ மொழியில் 'செர்விக்ஸ்' எனப்படுவது இலத்தீனில் கழுத்தைக் குறிக்கும் சொல். இலங்கைத் தமிழர் அதைக் 'கருப்பைக் கழுத்து' என்பர். தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் 'கருப்பை வாய்' என்பதே பெருவழக்கு. இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் அவை ஒரே பொருளைச் சுட்டுவன அல்ல. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த உறுப்பு முழுவதும் கழுத்து. அது யோனிக்குழலுக்குள் திறக்கும் துளையே வாய். இவ்வுரையில் இவ்விரு சொற்களையும் இந்த வேறுபாட்டோடே ஆள்வோம். உடலின் பரப்புகளையும் குழல்களின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் உயிரணு அடுக்கைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எபிதீலியம்' என்றே எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'மேலணி' என்கின்றன. மேலே அணிவகுத்து நிற்பது என்று பொருள் விளங்குவதால் 'மேலணி' என்பதையே நாம் எடுத்துக்கொள்வோம்.

இனி உள்ளே செல்வோம். யோனிக்குழலின் உட்சுவரைப் போர்த்தியிருப்பது பலவடுக்குத் தட்டை மேலணி. அதன் அடியில், இணைப்புத் திசுவை ஒட்டி, சிறிய உருண்டை உயிரணுக்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன. இவை அடியணுக்கள். பிரிந்து பெருகும் வேலை இவற்றினுடையது. பிறந்த உயிரணுக்கள் மேல் நோக்கி நகர நகர அகன்று தட்டையாகின்றன, உட்கரு சுருங்குகிறது, உச்சியை அடைந்தபின் உதிர்ந்துவிடுகின்றன. நம் கைத்தோலிலும் இதே முறைதான். ஆனால் கைத்தோலின் மேற்புறத்தில் உள்ள காய்ந்த கெரட்டின் படலம் யோனியில் இல்லை. அதற்கு மாறாக, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரின் தூண்டுதலால் மேல் உயிரணுக்களுக்குள் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து சேர்கிறது. உதிரும் உயிரணுக்களோடு வெளிப்படும் இந்தக் கிளைக்கோஜனிலிருந்து, அங்கு வாழும் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. இனப்பெருக்க வயதில் யோனியின் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையோடு இருப்பதற்குக் காரணம் இதுவே. யோனிச் சுவரில் சுரப்பிகள் இல்லை என்பதையும் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள ஈரம் மேலே கழுத்திலிருந்து வழியும் கோழையாலும், சுவரின் குருதி நாளங்களிலிருந்து கசியும் நீராலும் வருவது.

கருப்பைக் கழுத்தின் யோனியை நோக்கிய வெளிப்பரப்பிலும் இதே தட்டை மேலணி தொடர்கிறது. ஆனால் வாயைக் கடந்து கழுத்தின் உட்குழலுக்குள் நுழைந்தால் காட்சி முற்றிலும் வேறு. அங்கே ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள், உயர்ந்த தூண்களைப் போல அருகருகே நிற்கின்றன. உட்கரு அடியில் இருக்க, மேற்பகுதி முழுவதும் கோழை நிறைந்திருக்கிறது. இது தூண் மேலணி. இம்மேலணி சமமான பரப்பாக அமையாமல் ஆழ்ந்த மடிப்புகளாக உள்நோக்கி இறங்குகிறது. நுண்ணோக்கியில் குறுக்கே வெட்டிப் பார்க்கும்போது இம்மடிப்புகள் வட்டவட்டமாகத் தெரிவதால் இவற்றைச் 'சுரப்பிகள்' என்று எழுதும் வழக்கம் உண்டு. உண்மையில் இவை மேற்பரப்பின் மடிகுழிகளே.

இப்போது சிவப்பின் காரணம் விளங்கும். தட்டை மேலணி பல அடுக்குகளால் ஆனது. கீழேயுள்ள குருதி நாளங்களை அது மறைத்துவிடுவதால் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தோன்றும். தூண் மேலணி ஒற்றை அடுக்கு. அதன் ஊடாகக் குருதி நாளங்களின் நிறம் தெரிவதால் அது செந்நிறமாகத் தோன்றும். கழுத்தின் வெளிப்பரப்பில் தூண் மேலணி வந்து நின்றால் வெறுங்கண்ணுக்கு அது தோலுரிந்த புண் போலவே காட்சி தரும். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ரூகே, யோகன் ஃபைட் ஆகிய இருவரும் 1870களின் பிற்பகுதியில் அவ்விடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதன்மீது முழுமையான தூண் மேலணி இருப்பதைக் காட்டினர். உண்மையான அரிப்பாயின் மேலணியே இல்லாமல் இணைப்புத் திசு வெறுமையாக வெளிப்பட்டிருக்க வேண்டும். கண்டறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பழைய பெயர் நோய்க்குறிப்பேடுகளை விட்டுப் போகவில்லை.

அப்படியானால் உட்குழலில் இருக்கவேண்டிய தூண் மேலணி வெளியே வருவது ஏன்? இதை விளக்க ஒரு பெண்ணின் வாழ்நாளைத் தொடர்ந்து பார்ப்போம். அவளுக்குப் பத்து வயது. தட்டை மேலணியும் தூண் மேலணியும் சந்திக்கும் கோடு வாயின் அருகிலோ சற்று உள்ளேயோ இருக்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுகிறது, கழுத்து பருக்கிறது, சட்டையின் கைமடிப்பு புரள்வதுபோல் உட்குழலின் கீழ்ப்பகுதி வெளிப்புறமாகப் புரள்கிறது. தூண் மேலணியின் ஒரு பகுதி இப்போது யோனியின் அமிலச் சூழலுக்குள் வந்துவிட்டது. மென்மையான ஒற்றை அடுக்கு அமிலத்திற்கு ஏற்றதன்று. ஆகவே ஒரு மாற்றம் தொடங்குகிறது.

இம்மாற்றத்தின் படிகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் பெயர்த் தேர்வு இதைப் பொறுத்தது. தூண் உயிரணு ஒவ்வொன்றும் தட்டையாகிப் படுத்துக்கொள்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தூண்களின் அடியில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு உயிரணுக்கள் சில தோன்றுகின்றன. தேவைக்கென வைக்கப்பட்டவை போன்ற இவற்றைச் 'சேம உயிரணுக்கள்' எனலாம். இவை பெருகி இரண்டு மூன்று அடுக்காகின்றன. அவற்றின் தலைமேல் பழைய தூண் வரிசை இன்னும் நின்றுகொண்டிருக்கும். பின்னர் அடியிலுள்ளவை தட்டை உயிரணுக்களின் இயல்பைப் பெறத் தொடங்குகின்றன. தூண் வரிசை உயர்த்தப்பட்டு உதிர்ந்துபோகிறது. இந்நிலையில் உள்ளது முதிராத புதுத் தட்டை மேலணி. அதில் கிளைக்கோஜன் இராது. ஆண்டுகள் செல்ல அது தடித்து, கிளைக்கோஜன் சேர்ந்து, பிறவியிலிருந்து இருந்த தட்டை மேலணியிலிருந்து பிரித்தறிய இயலாதவாறு முதிர்ந்துவிடுகிறது.

ஆக, அந்தப் பெண்ணுக்கு 24 வயதாகும்போது கழுத்தின் வெளிப்பரப்பில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று, தட்டையும் தூணும் தொடக்கத்தில் சந்தித்த பழைய கோடு. மற்றொன்று, புதுத் தட்டை மேலணி இன்றைக்கு முன்னேறி வந்து தூணைச் சந்திக்கும் புதிய கோடு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வளையமே நாம் பேச வந்த இடம்.

முதிர்ந்தபின் பழைய கோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? திசு தன் வரலாற்றை அழித்துவிடுவதில்லை. மேற்பரப்பில் தட்டை மேலணி இருக்க, அதன் அடியில் தூண் உயிரணுக்கள் பொதிந்த மடிகுழிகள் காணப்பட்டால், அவ்விடம் முன்பு தூண் மேலணியாக இருந்தது என்பது உறுதி. அடியில் மடிகுழிகள் இல்லையெனில் அது தொடக்கத்திலிருந்தே தட்டை மேலணி. சில இடங்களில் புதுத் தட்டை மேலணி மடிகுழியின் வாயை மூடிவிடும். உள்ளேயுள்ள தூண் உயிரணுக்கள் கோழையைத் தொடர்ந்து சுரக்க, வழியில்லாமல் அது தேங்கி, கழுத்தின் மேல் சிறு வெண்மஞ்சள் கொப்புளமாக எழும்பும். லைப்சிக் நகரத்து மருத்துவர் மார்ட்டின் நபோத் 1707இல் இவற்றை விளக்கியபோது, இவை கருமுட்டைகள் என்று கருதினார். கருத்து பொய்த்தது; 'நபோத் நீர்க்கட்டி' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. இவை தீங்கற்றவை. மாறாக, மிக வெளியே உள்ள நபோத் கட்டி எங்கிருக்கிறதோ அதுவரை ஒருகாலத்தில் தூண் மேலணி இருந்தது என்பதற்கு அது எல்லைக்கல்லாக உதவுகிறது.

இனிப் பெயரைக் கருதுவோம். ஆங்கிலச் சொல்லை ஒட்டி 'உருமாற்ற மண்டலம்' என்று தமிழில் எழுதுகின்றனர். இதில் பிழையில்லை. எனினும் 'உருமாற்றம்' என்றவுடன் தலைப்பிரட்டை தவளையாவது மாணவர் நினைவில் எழும்; ஓர் உயிரணுவே மற்றோர் உயிரணுவாக உருமாறுகிறது என்ற எண்ணமும் கூடவே வரும். நாம் பார்த்த படிகளில் அப்படி நிகழவில்லை. பழைய தூண்கள் உதிர்ந்தன. அடியிலிருந்து புதியவை எழுந்தன. மாறியது அந்த இடம். ஆகவே இடத்தையே எழுவாயாகக் கொண்டு 'மாறுவலயம்' என்று சொல்வோம். இது வினைத்தொகை. ஊறுகாய் என்பது ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என விரிவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மாறுவலயமும் மாறிய வலயம், மாறுகின்ற வலயம், மாறும் வலயம் என விரியும். கழுத்தின் அந்த வளையத்தில் இம்மூன்று காலமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன: பழைய கோட்டை ஒட்டி முதிர்ந்து முடிந்த பகுதி, நடுவில் முதிர்ந்துகொண்டிருக்கும் பகுதி, புதிய கோட்டுக்கு அப்பால் இனி மாறவிருக்கும் தூண் மேலணி. மூன்று காலத்தையும் ஒரு சொல்லுக்குள் மறைத்து வைக்கும் இலக்கண அமைப்பு நம் மொழியில் ஆயத்தமாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

மாறுகின்ற பகுதியே ஆபத்து நுழையும் வாயில். மனிதப் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்பிவி, பெருகுவதற்கு அடியணுக்களை அடைந்தாக வேண்டும். யோனியிலும் கழுத்தின் வெளிப்பரப்பிலும் அடியணுக்கள் பல அடுக்குகளுக்குக் கீழே பாதுகாப்பாக உள்ளன; சிறு சிராய்ப்பு ஏற்பட்டால்தான் வைரஸ் உள்ளே இறங்கும். மாறுவலயத்திலோ மேலணி மெல்லியது. பெருகிக்கொண்டிருக்கும் முதிரா உயிரணுக்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் உள்ளன. ஒரே வைரஸ் யோனிச் சுவரையும் கழுத்தையும் தொடுகிறது. ஆயினும் யோனிப் புற்றுநோய் மிக அரிது, கழுத்துப் புற்றுநோய் மிகுதி. புதிய கோட்டில் கருப்பருவத்து எச்சமாகத் தங்கிய தனிவகை உயிரணுக்கள் சில இருப்பதையும், அவை இந்நோயோடு தொடர்புடையன என்பதையும் 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எச்பிவி 16 என்ற வகையை 1983இல் ஹரால்ட் ட்ஸுர் ஹவுசன் குழு கண்டறிந்தது; அதற்காக அவர்க்கு 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. உலகில் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்கு 16, 18 என்னும் இரு வகைகளே காரணம்.

நோய் தோன்றும் இடம் இதுவென்றால் சோதனைக்கு உயிரணு எடுக்கவேண்டிய இடமும் இதுவே. ஜார்ஜ் பாப்பனிகொலாவும் ஹெர்பர்ட் டிராவுட்டும் 1943இல் தம் நூலை வெளியிட்டபோது, யோனிக்குழலில் தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்தே உயிரணுக்களைப் பார்த்தனர். 1947இல் கனடாவில் எர்னஸ்ட் அயர் ஒரு மரத்துடுப்பை வடிவமைத்தார். அதன் நீண்ட முனை வாய்க்குள் நுழையும்; குறுகிய முனை வெளிப்பரப்பில் படியும்; ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மாறுவலயம் முழுவதும் சுரண்டப்படும். துடுப்பின் வடிவமே திசுவின் வரைபடம். இன்றும் எடுத்த மாதிரியில் தூண் உயிரணுக்களோ முதிராத் தட்டை உயிரணுக்களோ பத்தாவது நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தார் எண்ணிப் பார்க்கின்றனர். இருந்தால் துடுப்பு சரியான இடத்தைத் தொட்டது என்று பொருள்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணிடம் திரும்புவோம். 24 வயதில் அவளைச் சோதித்த மருத்துவர் வாயைச் சுற்றிச் சிவந்த வட்டத்தைக் காண்கிறார். 3 முதல் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்து ஒரு நிமிடம் வைக்கிறார். தூண் மேலணி திராட்சைக் கொத்துப் போன்ற சிறு மேடுகளாகத் தெளிவாகிறது. அதன் வெளி விளிம்பில் மெல்லிய வெண்மை படர்கிறது. பின் அயோடின் தடவுகிறார். கிளைக்கோஜன் உள்ள முதிர்ந்த பகுதி கருந்தவிட்டு நிறமாகிறது; தூணும் முதிராப் பகுதியும் நிறம் ஏற்பதில்லை. இவையனைத்தும் இயல்பே. இங்குச் சுட வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால் இச்சோதனைகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நோய்க்கு முந்திய நிலையிலுள்ள உயிரணுக்களும் அசெட்டிக் அமிலத்தில் வெளுக்கும், அயோடினை ஏற்கா. முதிராத இயல்பான மேலணியும் அவ்வாறே நடந்துகொள்ளும். அடர்ந்த வெண்மை, கூரிய விளிம்பு, நெடுநேரம் மறையாமை ஆகியவை ஐயத்தை மிகுவிக்கும். எனினும் முடிவு சொல்வது சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே. முதிராத இயல்பு மேலணியில் உட்கருக்கள் ஒரே அளவில் ஒழுங்காக இடைவெளி விட்டு நிற்கும். நோய்முந்து நிலையில் உட்கருக்கள் பெருத்து, கறுத்து, ஒன்றோடொன்று நெருங்கி, அடியில் மட்டும் நடக்கவேண்டிய உயிரணுப் பிரிவு மேல் அடுக்குகளிலும் நடக்கும். தொட்டால் குருதி கசிவது தூண் மேலணியின் மென்மையாலும் நேரலாம், நோயாலும் நேரலாம். ஆகவே அதைச் சோதித்துப் பார்த்த பின்னரே இயல்பு என்று சொல்ல வேண்டும்.

அதே பெண்ணுக்கு இப்போது 55 வயது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது. கழுத்து சுருங்க, புதிய கோடு உட்குழலுக்குள் ஏறிவிட்டது. வெளிப்பரப்பு முழுவதும் வழுவழுப்பாக, வெளிறி, குறையற்றதாகத் தெரிகிறது. பார்வைக்கு எல்லாம் நன்றாக இருக்கும் இந்நிலையில்தான் பார்வை ஏமாற்றும். மாறுவலயத்தின் முக்கியப் பகுதி கண்ணுக்கு மறைந்து உள்ளே இருக்கிறது. கழுத்து நோக்குக் கருவியாளரின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2011இல் வகுத்த முறைப்படி, முழுவதும் வெளியே தெரியும் மாறுவலயம் முதல் வகை. ஒரு பகுதி உள்ளிருந்தும் முழுவதையும் காண முடிவது இரண்டாம் வகை. முழுவதையும் காண முடியாதது மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் அமிலத்தைத் தடவிப் பார்ப்பதை மட்டும் நம்ப இயலாது. உட்குழலுக்குள் செல்லும் சிறு தூரிகையால் உயிரணு எடுக்க வேண்டும். 24 வயதில் நோயெனத் தோன்றியது இயல்பாக இருந்தது. 55 வயதில் இயல்பெனத் தோன்றுவதற்குப் பின்னால் நோய் ஒளிந்திருக்கலாம். கோடு நகர்வதை அறியாதவர்க்கு இரண்டு வயதிலும் தவறு நேரும்.

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரையுள்ள பெண்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உயிரணுச் சோதனையும், 30 வயது முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. எச்பிவி சோதனை வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவது. அது உதிர்ந்து யோனிக்குள்ளும் வந்துசேர்வதால், பெண்ணே தன் யோனியிலிருந்து மாதிரி எடுத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் வைரஸ் இருப்பதாகத் தெரிந்தபின், திசு என்ன நிலையில் உள்ளது என்பதை அறிய மாறுவலயத்திற்கே செல்ல வேண்டும்.

அச்சோதனை முடிவுகள் தமிழில் சொல்லப்படும்போது ஆசிரியரும் மாணவரும் வீட்டிலுள்ள மூத்தோர்க்கு விளக்க நேரும். 'மாற்றம் கண்ட உயிரணுக்கள்' என்று இருந்தால் அதைப் 'புற்றுநோய்' என்று பெயர்த்துவிடக் கூடாது. குறைந்த நிலை மாற்றங்களில் பெரும்பாலானவை சிகிச்சையின்றியே மறைபவை. உயர்நிலை மாற்றமென்றால் அதைச் 'சாதாரணப் புண்' என்று தணித்தும் சொல்லக் கூடாது. விட்டுவிட்டால் ஆண்டுகள் கழித்து அவற்றில் ஒரு பங்கு புற்றாகும். வாயைச் சுற்றிய சிவப்பைப் 'புண்' என்னாமல் 'வெளிவந்த தூண் மேலணி' என்று சொன்னால், கேட்பவர் ஆற்றச் சொல்லமாட்டார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது.